மூன்று முறை ரிப்பேர் பார்த்தும் சரியாகாத ஃப்ரிட்ஜ்: வாரண்டியில் என்ன கிடைக்கும், பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி

வீட்டில் எங்கேயாவது ஒரு வாரண்டி அட்டை இருந்தால் எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்று இருக்கும். இரண்டில் எது என்பதை நிறுவனமே முடிவு செய்யும் என்றும் பக்கத்திலேயே இருக்கும். பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற வரி மட்டும் பெரும்பாலான அட்டைகளில் கிடையாது.

அதனால் "வாரண்டி இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டால் "வாரண்டியில் அப்படி எதுவும் இல்லையே" என்றுதான் பதில் வரும். அது பொய்யும் அல்ல. வாரண்டி தருவது ரிப்பேர். அந்த ரிப்பேர் வேலைக்கு ஆகவில்லை என்று காகிதத்தில் காட்ட முடிகிற நாளில்தான் ரீஃபண்ட் பேச்சே தொடங்குகிறது. அந்தக் காகிதத்தை முதல் புகாரிலிருந்தே எப்படிச் சேர்ப்பது, சேர்த்ததை வைத்து எப்படிக் கேட்பது என்பதை ஒரு ஃப்ரிட்ஜை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். வாஷிங் மெஷின், ஏசி, டிவி எதுவானாலும் வழி இதேதான். பழுதின் காரணம் மட்டும் மாறும்.

அட்டையில் உண்மையில் என்ன இருக்கிறது

ஃப்ரிட்ஜ் வாங்கும்போது "10 வருட வாரண்டி" என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அட்டையைப் பார்த்தால், முழுப் பொருளுக்கும் ஒரு வருடம், கம்ப்ரசருக்கு மட்டும் 10 வருடம் என்று இருக்கும். இரண்டாவது வருடத்திலிருந்து கம்ப்ரசர் என்ற அந்த ஒரு பாகம் மட்டும்தான் இலவசம். அதை மாற்றும்போது நிரப்ப வேண்டிய கேஸ், கூலி, போக்குவரத்து, கூடவே மாற்ற வேண்டிய ஃபில்டர் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். வாஷிங் மெஷின் மோட்டாருக்குத் தரும் நீண்ட வாரண்டியும் இதே கதைதான். ஆகவே ரீஃபண்ட் கேட்கிற அளவுக்குப் பிரச்சினை போகிறதென்றால், முழுப் பொருளுக்கான அந்த முதல் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே அதைக் கிளப்பிவிட வேண்டும்.

பொதுவாக எதற்குப் பொறுப்பேற்கிறார்கள்? பொருளிலோ தயாரிப்பிலோ இருக்கும் குறைபாட்டுக்கு. எதற்கு மாட்டார்கள்? விழுந்து உடைந்தது, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் எரிந்தது, எலி கடித்த வயர், வீட்டு உபயோகப் பொருளைக் கடையில் வைத்துப் பயன்படுத்தியது, வெளி மெக்கானிக் திறந்தது, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் கிழிந்தது. கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக் கூடை, பல்பு, கதவு ரப்பர் போன்றவற்றையும் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். ஃப்ரிட்ஜ் நின்றதால் உள்ளே கெட்டுப்போன பொருட்களுக்கும் அட்டைப்படி எதுவும் கிடையாது.

பலரும் கவனிக்காத இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, ரிப்பேர் செய்ததால் வாரண்டிக் காலம் நீளாது என்பது. பதினோராவது மாதத்தில் ஒரு பாகத்தை மாற்றினாலும் முழு வாரண்டி பன்னிரண்டாவது மாதத்தோடு முடிந்துவிடும். மாற்றிய பாகத்துக்கு மட்டும் சில நிறுவனங்கள் தனியாக ஒரு குறுகிய காலம் தருவார்கள். இன்னொன்று, வாரண்டி எந்த நாளில் தொடங்குகிறது என்பது. பில் தேதியா, பொருத்திக் கொடுத்த தேதியா என்று பாருங்கள். கடைசி வாரத்தில் தகராறு வந்தால் அந்தச் சில நாட்கள் பெரிய விஷயமாகிவிடும்.

கூடுதல் பணம் கட்டி வாங்கும் நீட்டிக்கப்பட்ட வாரண்டி தனி ஒப்பந்தம். பல சமயம் அதைத் தருவது பொருளைத் தயாரித்த நிறுவனமே அல்ல. முதல் வருடத்துப் பிரச்சினைக்கு அதைக் காட்டிப் பேசுவதில் பயன் இல்லை.

யாரிடம் கேட்பது

இங்கேதான் நிறையப் பேர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். கடைக்குப் போனால் "கம்பெனியில் கேளுங்கள்" என்பார்கள். கம்பெனியில் கேட்டால் "விற்றவர்தான் பணம் வாங்கினார்" என்பார்கள்.

வாரண்டி என்பது தயாரிப்பாளர் உங்களுக்குத் தரும் வாக்குறுதி. பில் என்பது உங்களுக்கும் விற்றவருக்கும் இடையே நடந்த விற்பனை. நல்ல நிலையில் உள்ள பொருளைத் தர வேண்டிய கடமை, அட்டையில் என்ன இருந்தாலும், பல நாடுகளின் சட்டப்படி விற்றவருக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பொருளுக்கு விற்றவர் குறைந்தது 2 ஆண்டுகள் பொறுப்பு. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழுதான பொருளை முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு ஒருமுறை ரிப்பேர் செய்தும் சரியாகவில்லை என்றால் மறுபடியும் அந்த உரிமை வந்துவிடும். சிங்கப்பூரில் வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்று கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். இந்தியாவில் நாள் கணக்கு இப்படி வகுத்து வைக்கப்படவில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் ஆணையம் குறையை நீக்கவோ, பொருளை மாற்றவோ, விலையைத் திருப்பித் தரவோ உத்தரவிடலாம்.

நீங்கள் எங்கே இருந்தாலும் கடிதத்தை இருவருக்கும் அனுப்புங்கள். யார் பொறுப்பு என்பதை அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஒரு ஃப்ரிட்ஜின் கதை

மார்ச் 5ஆம் தேதி பில் போட்ட ஃப்ரிட்ஜ் ஒன்று. முழு வாரண்டி ஒரு வருடம். நடந்தது இது:

ஆகஸ்ட் 2: குளிர்ச்சி போதவில்லை என்று முதல் புகார். ஆகஸ்ட் 4 அன்று டெக்னீஷியன் வந்து குளிர் அளவைக் கூட்டி வைத்துவிட்டுப் போகிறார்.
ஆகஸ்ட் 16: இரண்டாவது புகார். ஆகஸ்ட் 19 அன்று கேஸ் சார்ஜ் செய்கிறார்கள். நன்றாக ஓடுகிறது.
அக்டோபர் 3: மூன்றாவது புகார். அக்டோபர் 6 அன்று ஃபில்டர் மாற்றி மறுபடியும் கேஸ் சார்ஜ்.
நவம்பர் 10: நான்காவது புகார். "கேஸ் குறைஞ்சிருக்கு, அடிச்சுடலாம்" என்கிறார் வந்தவர்.

இதில் பலரும் செய்வது நான்காவது முறையும் சரி என்று சொல்வதுதான். அடுத்த புகார் டிசம்பரில், அதற்கடுத்தது பிப்ரவரியில் என்று போய் மார்ச் 5 தாண்டிவிட்டால் கேஸ் சார்ஜுக்கு நீங்களே பணம் கட்ட வேண்டியிருக்கும். யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்ய வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு புகாரையும் தனித்தனி வேலையாகப் பார்த்து முடித்துக்கொண்டே போனால் தானாகவே இப்படித்தான் ஆகும்.

முதல் படி: புகாரைச் சரியாகச் சொல்வது

போனில் "ஃப்ரிட்ஜ் ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் பதிவிலும் அதுதான் ஏறும். கீழ்ப்பகுதி மட்டும் குளிராமல் ஃப்ரீசர் நன்றாக உறைகிறதா, இல்லை இரண்டுமே குளிரவில்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஃப்ரீசர் நன்றாக இருந்து கீழே மட்டும் குளிரவில்லை என்றால், காற்று கீழே வரும் வழியில் ஐஸ் அடைத்திருக்கலாம் அல்லது ஃபேன் பழுதாகியிருக்கலாம். கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் இரண்டு பகுதியும் குளிரவில்லை என்றால் கேஸ் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

போனில் புகார் செய்தாலும் அன்றே அதை ஒரு மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்பிவிடுங்கள். தேதி, புகார் எண், மாடல், சீரியல் நம்பர், பிரச்சினை என்ன என்று நான்கு வரி போதும். போனில் பேசியது உங்கள் கையில் இருக்காது, எழுதியது இருக்கும்.

இரண்டாம் படி: அளந்து வைப்பது

டெக்னீஷியன் வருகிற நேரத்தில் பொருள் ஒழுங்காக ஓடித் தொலைப்பது எல்லார் வீட்டிலும் நடப்பது. வந்தவர் "குறை எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வரி பின்னால் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஃப்ரிட்ஜுக்கு இதைச் சமாளிப்பது சுலபம். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதற்குள் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை சட்டென்று ஏறிவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. அதனால்தான் டம்ளர். நன்றாக ஓடும் ஃப்ரிட்ஜில் அது 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18 அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நான்கு நாள் 12, 13 டிகிரி என்று வந்தால் அதை மறுக்க யாராலும் முடியாது. தெர்மாமீட்டர் தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வையுங்கள்.

வாஷிங் மெஷின் என்றால் திரையில் வரும் பிழைக் குறியீட்டையும் நடுவில் நிற்பதையும் வீடியோ எடுங்கள். விட்டுவிட்டு வரும் பழுதுகளுக்கு வீடியோவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மூன்றாம் படி: ஜாப் ஷீட்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை டெக்னீஷியன் வந்து போகும்போதும் ஒரு ஜாப் ஷீட் உண்டாகிறது. காகிதமாகவோ, அவருடைய போனிலோ இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நிறுவனத்தின் பார்வையில் நடந்தது. அவர் உங்களிடம் வாயால் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது.

அவர் கிளம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நீங்கள் சொன்ன குறை எழுதப்பட்டிருக்கிறதா? அவர் கண்டுபிடித்த காரணம் எழுதப்பட்டிருக்கிறதா? செய்த வேலை எழுதப்பட்டிருக்கிறதா? "சரிபார்த்தேன், ஓகே" என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் கீழே உங்கள் கையால் "குளிர்ச்சி இன்னும் போதவில்லை, காலையில் 12 டிகிரி" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எழுதியதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சில நிறுவனங்களில் வேலை முடிந்ததும் உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னால்தான் புகார் மூடப்படும். ஃப்ரிட்ஜ் குளிர்ந்து நிற்கப் பல மணி நேரம் ஆகும். ஆகவே அவர் கிளம்பும்போது சரியாகிவிட்டதா என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. "நாளைக்குக் காலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தன்மையாகச் சொல்லுங்கள். அவருக்கும் அன்றைய கணக்கை முடிக்க வேண்டிய கட்டாயம் இருக்கும், கெஞ்சுவார். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் குளிராத ஃப்ரிட்ஜ், "வாடிக்கையாளர் திருப்தி" என்று பதிவாவதை நீங்கள் அனுமதிக்கக் கூடாது.

நான்காம் படி: காரணத்தைக் கேட்பது

இப்போது அந்த இரண்டு கேஸ் சார்ஜுக்கு வருவோம்.

ஃப்ரிட்ஜில் கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி தீரக்கூடிய பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அது குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், எங்கோ கசிகிறது என்றுதான் அதற்குப் பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 19 அன்று நிரப்பியது 45 நாள் தாங்கியது. அக்டோபர் 6 அன்று நிரப்பியது 35 நாள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கசிவு எந்த இடத்தில் இருக்கிறது, அது ஜாப் ஷீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா? கூடவே எத்தனை கிராம் நிரப்பினீர்கள் என்றும் கேளுங்கள். இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன் என்ற எளிதில் தீப்பற்றும் கேஸ். சில பத்து கிராம்தான் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது ஃப்ரிட்ஜின் பின்னாலோ உள்பக்கமோ ஒட்டியிருக்கும் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். இவ்வளவு சிறிய அளவை எடைபோட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

குழாயில் ஒரு பகுதி ஃப்ரிட்ஜின் சுவருக்குள், ஃபோமுக்கு நடுவே புதைந்திருக்கும். கசிவு அங்கே என்றால் வெளியிலிருந்து அடைப்பது மிகவும் கடினம். கசிவு இடம் கிடைக்கவில்லை, திரும்பத் திரும்ப கேஸ் மட்டும் இறங்குகிறது என்ற நிலையே உள்கசிவு இருக்கலாம் என்பதற்கு நல்ல அறிகுறி. அதாவது இந்தப் பொருளை உங்கள் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாமல் போகலாம். உங்கள் ரீஃபண்ட் கோரிக்கை நிற்கப்போவது இந்த இடத்தில்தான். கோபம் உதவாது. "ஒரே காரணத்துக்கு மூன்று வருகை, இரண்டு கேஸ் சார்ஜ், கசிவு இடம் இன்னும் பதிவாகவில்லை" என்ற ஒரு வாக்கியம் உதவும்.

ஒவ்வொரு முறையும் வேறுவேறு பழுது வந்திருந்தால் இந்த வாதம் கொஞ்சம் பலவீனம்தான். முதலில் ஃபேன், அப்புறம் கதவு, அப்புறம் போர்டு என்றால் ஒவ்வொன்றையும் சரிசெய்துவிட்டோம் என்பார்கள். அப்போது எத்தனை நாள் பயன்படுத்த முடியாமல் கிடந்தது என்ற கணக்கை முன்னே வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துத் திறக்கச் சொல்லாதீர்கள். பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லட்டும், எழுதிக்கூடத் தரட்டும். ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்பதுதான் நிறுவனத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சுலபமான பதில்.

ஐந்தாம் படி: கடிதம்

நவம்பர் 10 அன்று வந்தவரிடம் கேஸ் வேண்டாம், கசிவைக் கண்டுபிடித்து எழுதித் தாருங்கள் என்று சொல்லியாயிற்று. அவர் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று போய்விட்டார். நவம்பர் 12 அன்று கடிதம் போகிறது. இதில் கதை வேண்டாம், அடைமொழி வேண்டாம். படிப்பவர் இரண்டு நிமிடத்தில் கோப்பை மேலே தள்ளிவிடக்கூடிய மாதிரி இருந்தால் போதும்.

> பொருள்: குளிர்சாதனப் பெட்டி, மாடல் …, சீரியல் நம்பர் …, பில் எண் …, மார்ச் 5
>
> மேற்கண்ட பொருளில் குளிர்ச்சி வராத ஒரே குறைக்காக இதுவரை நான்கு முறை புகார் செய்துள்ளேன் (ஆகஸ்ட் 2, ஆகஸ்ட் 16, அக்டோபர் 3, நவம்பர் 10, புகார் எண்கள் இணைப்பில்). ஆகஸ்ட் 19, அக்டோபர் 6 ஆகிய தேதிகளில் கேஸ் நிரப்பப்பட்டது. முறையே 45 நாட்களிலும் 35 நாட்களிலும் அதே குறை திரும்பியது. கசிவு எங்கே என்று எந்த ஜாப் ஷீட்டிலும் பதிவு இல்லை. நவம்பர் 7 முதல் 10 வரை காலையில் அளந்த வெப்பநிலை 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் (படங்கள் இணைப்பில்).
>
> குறை வாரண்டிக் காலத்துக்குள் தோன்றியது. அதை நீக்க உங்களுக்குப் போதிய வாய்ப்பு தரப்பட்டது. ஆகவே செலுத்திய முழுத் தொகையையும் கட்டணம் செலுத்திய அதே வழியில் திருப்பித் தருமாறு கோருகிறேன். பொருளை எடுத்துச் செல்லும் செலவு உங்களைச் சேர்ந்தது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. பதில் வராவிட்டால் நுகர்வோர் அமைப்பில் புகார் செய்வேன்.

இணைப்பில் பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட்களின் நகல், போட்டோக்கள். மூலப் பிரதி எதையும் அனுப்பாதீர்கள். சேவை மையத்துக்கு மட்டும் அனுப்பி நிறுத்திவிடவும் வேண்டாம், அங்கே இருப்பவருக்குப் பணம் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. விற்ற கடை, நிறுவனத்தின் புகார் தீர்வு அதிகாரி இருவருக்கும் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் போகட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. "ரீஃபண்ட் அல்லது புதுசு அல்லது ரிப்பேர்" என்று மூன்றையும் எழுதினால் அவர்களுக்குச் செலவு குறைந்தது எதுவோ அதுதான் கிடைக்கும். புதிய பொருளே போதும் என்றால் அதை மட்டும் கேளுங்கள். கேட்கும்போது "புத்தம் புதியது, அதே மாடல் அல்லது அதற்கு மேல்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் திருப்பிக் கொடுத்து, பழுது பார்த்து வைத்த ஒன்று உங்கள் வீட்டுக்கு வரலாம்.

அவர்கள் சொல்லக்கூடியது

"வோல்டேஜ் பிரச்சினை" என்பது பொதுவாக வரும் முதல் பதில். மின்னழுத்தம் போர்டை எரிக்கும், கம்ப்ரசரைக் கெடுக்கும். குழாயில் ஓட்டை போடாது. எந்தப் பாகம் எப்படிச் சேதமானது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

"இன்னும் ஒரு வாய்ப்பு கொடுங்கள்" என்பது அடுத்தது. இதை முற்றிலும் மறுக்க வேண்டியதில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் எத்தனை வாய்ப்பு தரச் சொல்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஒப்புக்கொள்வதென்றால், கசிவைக் கண்டுபிடித்து அடைத்து எழுதித் தர வேண்டும், 90 நாட்களுக்குள் குறை திரும்பினால் ரீஃபண்ட் தர வேண்டும் என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். அந்த 90 நாள் வாரண்டி முடிவைத் தாண்டிப் போனாலும் இந்த வாக்குறுதி நிற்கும் என்பதையும் சேர்த்து எழுத வையுங்கள்.

மூன்றாவது பதில்தான் உண்மையில் பேரம் தொடங்கும் இடம்: "ரீஃபண்ட் தருகிறோம், ஆனால் தேய்மானம் கழிப்போம்." 25 சதவீதம் என்கிறார்கள் என்று வையுங்கள். சில நாடுகளில் ஆரம்ப மாதங்களில் இப்படிக் கழிக்கவே கூடாது, பிரிட்டனில் முதல் 6 மாதத்துக்கு வீட்டு உபயோகப் பொருட்களில் கழிக்க முடியாது. கழிக்கலாம் என்ற இடத்திலும் கணக்கைக் கேளுங்கள்.

ஃப்ரிட்ஜின் ஆயுளை 10 வருடம், அதாவது 120 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 5 முதல் முதல் புகார் வந்த ஆகஸ்ட் 2 வரை 5 மாதம் ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறோம். 120ல் 5 என்பது சுமார் 4 சதவீதம். கடிதம் எழுதிய நாள் வரை 8 மாதம் என்று தாராளமாக எடுத்தாலும் 7 சதவீதத்தைத் தொடாது. அவர்கள் சொல்லும் 25 சதவீதம் என்பது 30 மாதப் பயன்பாட்டுக்குச் சமம். வாங்கியே 8 மாதம்தான் ஆகிறது. இந்தக் கணக்கை அப்படியே பதிலில் எழுதி அனுப்புங்கள். கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி தருகிறவர்கள், பொருளின் ஆயுள் நான்கைந்து வருடம்தான் என்று வாதாடுவது கொஞ்சம் சங்கடம்.

பணம் கைக்கு வரும் வரை

ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றால் தொகை எதையெல்லாம் சேர்த்தது என்று எழுத்தில் வாங்குங்கள். பில் தொகை, வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தியதற்குக் கட்டியது, பயன்படுத்தாமலே போகும் நீட்டிக்கப்பட்ட வாரண்டிக்குக் கட்டியது ஆகியவற்றைக் கேளுங்கள். பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்து மாற்றி வாங்கியிருந்தால், அதற்குக் கழித்த தொகையும் நீங்கள் கொடுத்த விலைதான். பில்லில் கடைசி வரியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள், கவனம்.

தவணையில் வாங்கியிருந்தால் பணம் பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனத்துக்குத்தான் போகும். தகராறு நடக்கிறது என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள், உங்கள் கடன் பதிவுதான் கெடும். ரீஃபண்ட் போனதும் கடன் முடிந்தது என்ற கடிதத்தையும், அதுவரை நீங்கள் கட்டிய தவணைகளுக்கான கணக்கையும் வாங்குங்கள்.

பொருளை எடுத்துப்போக வரும்போது, சீரியல் நம்பர் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். எந்த நிலையில் கொடுத்தீர்கள் என்று நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். "முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற காகிதத்தை நீட்டினால், பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்திடுகிறேன் என்று சொல்லுங்கள். அதே கடையில் செலவழிக்கும் கூப்பனாகத் தருகிறோம் என்றால் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பணமாகக் கேட்டிருந்தால் பணமாகவே கேளுங்கள்.

15 நாளில் பதில் இல்லை என்றால்

ஒரே ஒரு நினைவூட்டல் போதும், ஏழு நாள் கொடுங்கள். அதற்கு மேல் மின்னஞ்சல் எழுதிக்கொண்டே இருப்பது அவர்களுக்குத்தான் வசதி.

கார்டில் கட்டியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: பரிவர்த்தனையை எதிர்த்து வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்பது. இதற்குக் கால வரம்பு உண்டு, பொதுவாக 120 நாள். நம் உதாரணத்தில் முதல் பழுதே 150ஆவது நாளில் வந்ததால் இது உதவாது. வந்த முதல் வாரத்திலேயே ஓடாத பொருளுக்கு, கடை திருப்பி எடுக்க மறுத்தால், இதுதான் வேகமான வழி.

பிறகு நுகர்வோர் உதவி எண், சமரச அமைப்பு, நுகர்வோர் நீதிமன்றம் அல்லது சிறு வழக்கு மன்றம் என்று உங்கள் நாட்டில் எது இருக்கிறதோ அது. இவற்றில் பலவற்றுக்கு வக்கீல் தேவையில்லை, இணையத்திலேயே பதிவு செய்யலாம். நீங்கள் ஏற்கெனவே எழுதிய கடிதமும் அதன் இணைப்பும்தான் புகாராகப் போகும், புதிதாக எதுவும் தயாரிக்க வேண்டியிருக்காது. இங்கேயும் கெடு உண்டு. இந்தியாவில் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்துவிட வேண்டும். விற்றவர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், அங்கே இல்லாத அந்த ஒருவர் மேல்தான் பழி போடப்படும்.

வழக்கு நடக்கும்போது அந்த ஃப்ரிட்ஜை என்ன செய்வது என்று பலரும் கேட்பார்கள். விற்கவோ தூக்கிப் போடவோ கூடாது, பொருளை நிபுணரிடம் காட்டச் சொல்லி உத்தரவு வரலாம். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே துடைத்துவிட்டு, பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தபடி ஒரு மூலையில் நிறுத்தி வையுங்கள். எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்தவில்லை என்று ஒரு வரி மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.